கடை உண்டியல், பள்ளிப் பழைய பேப்பர், மாதச் சந்தா: சிறிய அறக்கட்டளைக்கு மாதாமாதம் பணம் வர ஒரு கணக்கு

உங்கள் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே போய் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வலி மாத்திரை சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே ஆதரவு சிகிச்சை வருகிறது. அதற்கு இடைப்பட்ட நாட்களில் ஒரு கை கூடுதலாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நிம்மதி. அந்தக் கூடுதல் கைதான் உங்கள் அறக்கட்டளை.

இந்த வேலைக்கு ஒரே நாளில் வரும் பெரிய தொகை அவ்வளவாக உதவாது. கலைநிகழ்ச்சி நடத்தி ஒரு லட்சம் சேர்த்தால் மூன்று மாதம் ஓடும், நாலாவது மாதம் செவிலியருக்குச் சம்பளம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நோயாளியிடம் "இந்த மாசம் வர முடியல" என்று சொல்லவும் முடியாது. சின்னச் சின்னதாக இருந்தாலும் ஒவ்வொரு மாதமும் வருகிற பணம்தான் இங்கே வேண்டும். அதைக் கடைகளையும் பள்ளிகளையும் வைத்து எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

இது ஏற்கெனவே நடந்து பார்த்த வழிதான். பக்கத்து மாநிலமான கேரளத்தில், குறிப்பாக மலப்புரம் மாவட்டத்தில், வீட்டுவழி ஆதரவு சிகிச்சைக் குழுக்கள் இப்படித்தான் வளர்ந்தன. கடை உண்டியல், மாணவர்களின் சேகரிப்பு, பஸ் முதலாளிகள் தரும் ஒரு நாள் வசூல் என்று உள்ளூர்க்காரர்களின் சிறு தொகைதான் அங்கே பெரும்பகுதி செலவைத் தாங்கியது. ஜனவரி 15-ஐ அங்கே ஆதரவு சிகிச்சை தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள், அன்றைக்கு வசூலும் நடக்கும்.

முதலில் செலவை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாலுகா ஊரில் மாதம் 30,000 ரூபாய் செலவு என்று ஒரு கணக்குக்காக வைப்போம். பகுதிநேரச் செவிலியருக்கு 18,000. பெட்ரோல், ஆட்டோவுக்கு 6,000. பஞ்சு, துணி, கையுறை, டயப்பருக்கு 6,000. உங்கள் ஊரில் தொகை வேறாக இருக்கும், பிரிக்கும் முறை மாறாது.

சம்பளம் என்பது தள்ளிப்போட முடியாத செலவு. மற்ற இரண்டையும் ஒரு மாதம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம். அதனால் 'யார் தருவார்கள்' என்று பெயரோடு தெரிந்த பணத்தைச் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். உண்டியல், பழைய பேப்பர் மாதிரி ஏறி இறங்கும் பணத்தைப் பெட்ரோலுக்கும் பஞ்சுக்கும் வையுங்கள். பல சிறிய அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிட்டு, ஆடி மாதம் உண்டியல் இளைத்ததும் சம்பளத்தில் கை வைக்கின்றன. செவிலியர் வேலையை விட்டுப் போய்விட்டால் பிறகு உண்டியல் நிரம்பி என்ன பயன்?

மாதம் தருகிறேன் என்று உறுதி சொல்பவர்கள் எல்லோரும் எல்லா மாதமும் தரமாட்டார்கள். ஊருக்குப் போயிருப்பார்கள், மறந்திருப்பார்கள், வியாபாரம் மந்தமாக இருக்கும். நூற்றில் எண்பது வரும் என்று எடுத்துக்கொண்டால் பாதுகாப்பு. 18,000 கையில் வர வேண்டுமென்றால் 22,500-க்கு உறுதி வாங்க வேண்டும். 30 கடைகள் மாதம் 300 ரூபாய் வீதம் 9,000. குடும்பங்களோ தனி நபர்களோ 45 பேர், அதே 300 வீதம் 13,500. இரண்டும் சேர்ந்து 22,500. சம்பளத்துக்கு இது போதும்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது

முதல் நாளே உண்டியலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கடைக்காரரிடம் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது: ஒன்று அவருடைய மாதச் சந்தா, இன்னொன்று கல்லாப் பக்கத்தில் உண்டியலுக்கு இடம். சந்தா தர முடியாதவர் இடம் தருவார். இடம் இல்லாதவர் சந்தா தருவார். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் "அப்புறம் பாக்கலாம் தம்பி" என்ற பதில்தான் கிடைக்கும்.

கேட்கும்போது வரிச்சலுகையை முன்னால் வைக்க வேண்டாம். 80ஜி என்று நாம் பழகிய பெயரில் சொல்லும் அந்தக் கழிவு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான். புதிய முறையில் இருக்கும் கடைக்காரருக்கு அது கிடையாது. ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் போகும் நன்கொடைக்கும் கழிவு இல்லை. வருடம் 3,600 ரூபாய் தருபவர் பெரும்பாலும் வரிக்காகத் தருவதில்லை. தன் தெருவில் எந்த வீட்டுக்கு நீங்கள் போகிறீர்கள் என்று தெரிந்துதான் தருகிறார். நோயாளியின் பெயரைச் சொல்லாமல், 'இந்த மாதம் நம்ம வார்டில் 11 வீடு, 46 முறை போனோம்' என்று ஒரு வரி சொல்லுங்கள், அது போதும்.

'பில்லுக்கு ஒரு ரூபாய் சேர்த்து வாங்கிடுங்க அண்ணாச்சி' என்று மட்டும் கேட்காதீர்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பில்லில் ஏறும் ஒரு ரூபாய் நன்கொடை ஆகாது. சண்டை வந்தால் கெட்டுப்போவது கடையின் பெயர். கடைக்காரர் தன் லாபத்திலிருந்து தரட்டும், இல்லையென்றால் வாடிக்கையாளர் தன் கையால் போடட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கடைகளில் பரிசுப் பொருள் வாங்கி, 50 ரூபாய் குலுக்கல் சீட்டு விற்று நிதி திரட்டலாம் என்று யாராவது கண்டிப்பாக யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை. பரிசுத் திட்டங்களைத் தடுக்க 1979-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்று சொன்னால் விலக்கு கிடைத்துவிடாது. அந்த யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள்.

உண்டியல்: வைப்பது சுலபம், எண்ணுவதில்தான் விஷயம்

எந்தக் கடை நல்ல இடம்? சில்லறை கைமாறும் கடை. டீக்கடை, பேக்கரி, மெடிக்கல், ஜெராக்ஸ் கடை. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அங்கே யாரும் பத்து ரூபாய் மீதி வாங்குவதில்லை. மெடிக்கல் கடையில் நிற்பவர் தன் வீட்டு நோயாளிக்காக வந்திருப்பார், உங்கள் உண்டியலில் எழுதியிருப்பதை அவர் நின்று படிப்பார்.

இப்போது பெரும்பாலோர் போனில் பணம் கட்டுவதால் மீதிச் சில்லறையே குறைந்துவிட்டது. அதனால் உண்டியல் மேலேயே க்யூஆர் ஒட்டுங்கள். அந்தக் க்யூஆர் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். ஸ்கேன் செய்தால் அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணைத் தற்காலிகமாக ஒட்டி வைப்பது நிறைய இடத்தில் நடக்கிறது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் வீட்டுச் செலவும் அறக்கட்டளைப் பணமும் ஒரே கணக்கில் கலந்தபின் எதையும் பிரித்துக் காட்ட முடியாது. தணிக்கையாளர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்.

ஒவ்வொரு உண்டியலுக்கும் ஒரு எண். பூட்டுக்கு மேல் எண் அச்சிட்ட பிளாஸ்டிக் சீல். சீல் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். திறப்பது மாதத்தில் ஒரு குறித்த வாரம், இரண்டு பேராகத்தான் போக வேண்டும், கடையிலேயே கடைக்காரர் முன்னால் எண்ண வேண்டும். 'வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா எண்ணிக்கலாம்' என்பது வேண்டாம். எண்ணியதும் தேதி, உண்டியல் எண், பழைய சீல் எண், தொகை, புதிய சீல் எண் ஆகியவற்றை எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கடைக்காரரே தன் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

இதில் கடைக்காரருக்கும் ஒரு வசதி உண்டு. அவருக்கு எப்போதும் சில்லறை தேவை. எண்ணிய நாணயத்தை அவரே வைத்துக்கொண்டு, அதே தொகையை அங்கேயே அறக்கட்டளைக் கணக்குக்குப் போனில் அனுப்பிவிடலாம். நீங்கள் நாணய மூட்டையைச் சுமந்துகொண்டு வங்கிக்குப் போக வேண்டியதில்லை, பணமும் அன்றே கணக்கில் ஏறிவிடும். உண்டியல் திறக்கும் நாளைக் கடைக்காரரே எதிர்பார்க்க ஆரம்பிப்பார். நோட்டில் மட்டும் 'உண்டியல் எண் 14' என்று தெளிவாக எழுதுங்கள். அவர் போனிலிருந்து வந்ததால் அது அவருடைய நன்கொடை ஆகிவிடாது. அந்தப் பணத்துக்கு அவர் பெயரில் ரசீது போடக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தந்தவர் பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தில் தனி விதி இருக்கிறது. பதிவு பெற்ற தர்ம அமைப்புக்கு இப்படி வரும் பணம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. நம் கணக்கில் 40 உண்டியல், ஒன்றுக்குச் சராசரி 200 ரூபாய் என்றால் மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000. வரம்புக்குள் இருக்கிறது. ஆசைப்பட்டு உண்டியலை 60 ஆக்கினால் ஆண்டுக்கு 1,44,000. கூடுதலாக உள்ள 44,000-க்கு 13,200 ரூபாய் வரியும் அதன்மேல் செஸ்ஸும் போகும். க்யூஆர் வழியாக வரும் பணத்திலும் முகவரி இருக்காது, அதையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தணிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய அமைப்புக்கு உண்டியலைப் பெருக்குவதைவிட, உண்டியலில் போட்டவரைப் பெயர் தந்து மாதம் தருபவராக மாற்றுவதுதான் லாபம். உண்டியல் பக்கத்திலேயே பெயர், முகவரி, போன் எண் எழுதும் சின்னச் சீட்டுக் கட்டு ஒன்றை வையுங்கள்.

தப்பு நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரே கடையின் மூன்று மாதத் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 210, 190, 220 என்று வந்தது திடீரென்று 60 ஆனால், யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் கடைக்குப் போய்ப் பாருங்கள். பல நேரம் உண்டியல் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். சீல் எண் மாறியிருந்தால் கதை வேறு. அந்தக் கடைக்காரரோடு நேரில் பேசி உண்டியலை எடுத்துவிடுங்கள். க்யூஆரில் வேறொரு ஆபத்து இருக்கிறது. உங்கள் க்யூஆர் மேல் யாரோ தங்கள் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகலாம். அதனால் வாரம் ஒருமுறை தன்னார்வலர் ஒருவர் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, பணம் அனுப்பாமல் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பள்ளி: பிள்ளைகள் கையில் உண்டியல் வேண்டாம்

பள்ளியைச் சேர்க்கலாம் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, மாணவர்களிடம் வசூல் கார்டு கொடுத்து வீடு வீடாக அனுப்புவது. இது எனக்குச் சுத்தமாக உடன்பாடு இல்லை. காசைத் தொலைத்த பிள்ளை வீட்டில் அடி வாங்கும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை கார்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பே பார்க்கும். 'அதிகம் வசூலித்த மாணவருக்குப் பரிசு' என்று அறிவித்தால் அப்பாவின் சம்பளத்துக்குப் பரிசு கொடுத்த மாதிரிதான்.

காசு கைமாறாத ஒரு வழி இருக்கிறது. பழைய பேப்பர். மாதத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்கும் பழைய செய்தித்தாளைப் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவருவார்கள். ஒரு தமிழ் நாளிதழ் ஒரு மாதத்துக்குச் சேர்ந்தால் சுமார் 2 கிலோ. 300 பேர் படிக்கும் பள்ளியில் 100 வீட்டிலிருந்து வந்தால் 200 கிலோ. பழைய பேப்பர் விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கிலோ 12 ரூபாய் என்று வைத்தால் 2,400 ரூபாய். வீட்டில் பேப்பர் வாங்காத பிள்ளை பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வரலாம், வராவிட்டாலும் பரவாயில்லை. யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று பெயர் வாரியாக எழுதவே கூடாது, பள்ளிக்கு மொத்தமாக ஒரே எடைதான்.

பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு பள்ளிக்கு வரட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோ ஜூனியர் ரெட்கிராஸ் மாணவர்களோ எடையைப் படித்து எழுதட்டும். பணத்தை அவர் நேராக அறக்கட்டளைக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், ஆசிரியர் கையிலோ உங்கள் கையிலோ ரொக்கமாக வேண்டாம். விலையை முன்கூட்டியே இரண்டு கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் 'ஈரமா இருக்கு' என்று எடையில் கழிப்பார்கள், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் பாலித்தீன் உறையில் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கட்டின் நடுவில் ஒரு கல் இருந்தது என்று ஒருமுறை பேச்சு வந்தால் அந்த வியாபாரி மறுபடி வரமாட்டார், அதையும் பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

அனுமதி இல்லாமல் பள்ளிக்குள் எதையும் தொடங்காதீர்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெளி அமைப்பு என்பதால் முதன்மைக் கல்வி அலுவலரின் ஒப்புதலும் வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னால் அது தட்டிக்கழிப்பு அல்ல, அவருடைய பொறுப்பு அது. கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்த நாள், எவ்வளவு நேரம், பிள்ளைகள் பணத்தைத் தொடமாட்டார்கள், கட்டாயம் இல்லை.

பள்ளிப் பணம் பன்னிரண்டு மாதமும் வராது. கோடை விடுமுறை, தேர்வுக் காலம் எல்லாம் போக ஒன்பது மாதம்தான் கணக்கில் எடுங்கள். இரண்டு பள்ளி, மாதம் 4,800, ஒன்பது மாதத்துக்கு 43,200. பன்னிரண்டால் வகுத்தால் மாதச் சராசரி 3,600. உண்டியல் 8,000-ஐயும் சேர்த்தால் 11,600. பெட்ரோலுக்கும் பஞ்சுக்கும் வேண்டியது 12,000. மாதம் 400 ரூபாய் குறைகிறது, வருடத்துக்கு 4,800. அந்தப் பள்ளத்தைப் பொங்கல் வாரத்தில் கடைவீதியில் ஒரு நாள் நடத்தும் வசூலில் அடைத்துவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிப் பணமே வராது என்பதால், மார்ச் வரை வந்ததில் 7,200 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள்.

மாதச் சந்தா தருபவர் நீங்கள் என்றால்

இதுவரை அறக்கட்டளை நடத்துபவருக்குச் சொன்னோம். உங்களில் பலர் பணம் தரும் பக்கத்தில் இருப்பீர்கள். கடை உண்டியலைப் பார்த்து 'மாதம் 300 தரலாமே' என்று தோன்றினால், தருவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் இருக்கும். சங்கம் என்றால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவான எண் இருக்கும். அந்த எண், நிரந்தரக் கணக்கு எண், 80ஜி ஒப்புதல் இருந்தால் அதன் எண் எல்லாம் ரசீதிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ngodarpan.gov.in தளத்தில் பதிவு செய்திருந்தால் அமைப்பின் பெயரைப் போட்டுத் தேடலாம். அங்கே இல்லை என்பதற்காக அது போலி என்று முடிவு கட்டவும் வேண்டாம், பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல அமைப்பு கேட்டால் கோபப்படாது.

மாதா மாதம் ஞாபகம் வைத்து அனுப்புவது கஷ்டம் என்றால் யூபிஐ ஆட்டோபே வைக்கலாம், ஆனால் அதற்கு அறக்கட்டளை ஏதாவது பணப்பரிமாற்ற நிறுவனத்தோடு சேர்ந்து வசதி செய்திருக்க வேண்டும். பணம் போவதற்கு 24 மணி நேரம் முன்பு உங்களுக்கு அறிவிப்பு வரும். நிறுத்த வேண்டுமென்றால் உங்கள் செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்துகொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த வசதி இல்லாத சிறிய அமைப்புக்கு உங்கள் வங்கியிலேயே நிரந்தர உத்தரவு கொடுத்து வைக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், சம்பள நாளுக்கு மறுநாள் ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டல் அனுப்பச் சொல்லுங்கள், அதற்கும் நல்ல பலன் இருக்கும்.

வரிக் கழிவு வேண்டும் என்பவர்கள் தங்கள் நிரந்தரக் கணக்கு எண்ணை முதல் மாதமே கொடுத்துவிடுங்கள். நிதியாண்டு முடிந்ததும் அறக்கட்டளை மே 31-க்குள் நன்கொடை விவரத்தை வருமான வரித் தளத்தில் ஏற்றி, உங்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். கையால் எழுதிய ரசீது மட்டும் வைத்துக்கொண்டு கழிவு கேட்க முடியாது. ஜூன் முதல் வாரத்தில் வரவில்லை என்றால் கேளுங்கள்.

ஸ்கேன் செய்தபோது அறக்கட்டளை பெயருக்குப் பதில் ஏதோ ஒரு தனி நபர் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். கடைக்காரரிடம் அங்கேயே காட்டுங்கள், உண்டியலில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். பணம் போன பிறகு தெரிந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள் அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பரிமாற்ற எண், நேரம், கடையில் ஒட்டியிருந்த க்யூஆரின் படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.